கிளினிக்கில் பிசகும் ஒரு சொல்: இந்தச் சிறுகதையைப் படிப்படியாக எழுதுவது எப்படி?

கிராமத்துக் கிளினிக். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. விடுமுறைக்கு வந்த கல்லூரி மாணவி நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறாள். ஒரு சொல் தவறிப்போகிறது, பெரிய விபரீதம் நடக்கப் பார்த்து நின்றுவிடுகிறது. புதிதாக எழுத வருகிற பலரும் எடுக்கத் துடிக்கிற கரு இது. எழுதியவற்றில் பாதி, தவறான சொல் வந்த வரியிலேயே செத்துவிடுகிறது. மாணவி தப்பாகச் சொன்னது வாசகருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். டாக்டருக்கு எப்போது தெரியும் என்று மட்டும் அவர் காத்துக்கொண்டிருப்பார். அந்தக் காத்திருப்பு இரண்டு பக்கத்துக்கு மேல் தாங்காது.

அதனால் எழுதத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை சொல்லைத் தேடுவது. பாத்திரங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எந்தச் சொல்?

முதலில் மனசில் வருவது வேடிக்கையான சொல்லாக இருக்கும். உதாரணத்துக்கு ‘முழுகாம இருக்கேன்’. கருவுற்றிருக்கிறேன் என்று பொருள். நகரத்தில் வளர்ந்த மாணவிக்கு இந்த வழக்கு தெரியாது, ‘இவர் குளிக்கவில்லையாம்’ என்று டாக்டரிடம் சொல்லிவிடுகிறாள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கதையில் நிற்காது. டாக்டர் கேட்டது காய்ச்சலைப் பற்றி, வந்த பதில் குளியலைப் பற்றி. எந்த டாக்டரும் ‘என்ன?’ என்று திருப்பிக் கேட்பார். கேட்காவிட்டால் அவர் முட்டாளாகிவிடுவார், முட்டாள் டாக்டரை வைத்துக் கதை சொல்வது சுலபமான குறுக்குவழி.

அடுத்து வருவது ‘வாயு’. நெஞ்சுவலிக்காரர் ‘நெஞ்சுல வாயு பிடிச்சிருக்கு’ என்கிறார், மாணவியும் வாயு என்றே சொல்கிறாள். இதில் மொழிபெயர்ப்பில் பிழையே இல்லை. நோயாளி தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயரை அவள் அப்படியே கடத்தினாள். நல்ல கதைதான், ஆனால் அது வேறு கதை.

நமக்கு வேண்டியது, தவறாக மொழிபெயர்த்தாலும் கேட்ட கேள்விக்குப் பொருந்திப்போகிற சொல். 1980-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்தது இதற்கு நல்ல பாடம். நினைவிழந்த 18 வயது இளைஞனை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கியூபாவிலிருந்து வந்த குடும்பம், ‘இன்டாக்சிகாடோ’ என்றது. அவர்கள் பேசும் ஸ்பானியத்தில், உள்ளே போன ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் உடம்பு கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருள். மருத்துவர்களுக்கு அது ஆங்கிலத்தின் ‘இன்டாக்சிகேட்டட்’ ஆகக் கேட்டது, அதாவது போதை. போதைமருந்து அதிகமாகிவிட்டதாக எண்ணி அதற்கான சிகிச்சை தொடங்கியது. உண்மையில் மூளைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது தெரியவந்தபோது தாமதமாகிவிட்டது, கை கால் நான்கும் செயலிழந்தன. இளம் வயது, நினைவில்லாத நிலை, போதை: மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பொருந்திய பதிலை யாரும் சந்தேகிக்கவில்லை.

தமிழில் அப்படிப்பட்ட சொல் ‘மயக்கம்’. எழுந்து நின்றால் தலை கிறுகிறுப்பதும் மயக்கம், நினைவு தப்பிக் கீழே விழுவதும் மயக்கம். பேசுகிறவருக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றலாம். மருத்துவத்தில் இரண்டும் வெவ்வேறு பாதைகள். தலைசுற்றல் என்றால் டாக்டர் காதின் சமநிலை உறுப்பையோ, உடம்பில் நீர் குறைந்ததையோ நினைப்பார். சில நொடிகள் நினைவே போனது என்றால் இதயத்தின் துடிப்பு சற்று நின்று வந்ததா என்று முதலில் பார்ப்பார். இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்க இன்னொரு வலுவான காரணம் உண்டு. நினைவு தப்பி எழுந்தவருக்கு, கிளினிக்குக்கு வந்து சேரும்போது நாடியும் ரத்த அழுத்தமும் சரியாகவே இருக்கலாம். அப்போது டாக்டரின் கையில் இருப்பது நோயாளி சொல்வது மட்டும்தான். கதையின் மொத்தப் பாரமும் சொல்லின் மேல் இறங்குகிற இடம் இது.

(டாக்டர் மலையாளியாக இருந்தால் இன்னொரு வாசலும் திறக்கும். மலையாளத்தில் மயக்கம் என்றால் தூக்கக் கலக்கம். மொழிபெயர்க்கத் தேவையே இல்லை என்று இருவரும் நம்பிவிடுவார்கள். ஆனால் அதில் மாணவிக்கு வேலை குறைந்துவிடும், அதனால் நாம் ஆங்கிலம் பேசும் டாக்டரையே வைத்துக்கொள்வோம்.)

நோயாளிக்கு ஒரு ‘நாளை’ கொடுங்கள்

‘கிட்டத்தட்ட’ எல்லாம் மாறிப்போனது என்று வாசகர் உணர வேண்டுமானால், என்ன மாறியிருக்கும் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். செத்திருப்பார் என்று எழுதினால் அது வெறும் மிரட்டல். நோயாளியின் மறுநாள் வேலையைத் தேர்ந்தெடுத்தால் போதும். நம் ஆள் பெயிண்டர், பெயர் முத்தையா, ஐம்பத்தெட்டு வயது. நாளைக் காலையில் சாரம் ஏற வேண்டும், இரண்டாவது மாடி உயரம். தலைசுற்றல் என்றால் மாத்திரையோடு பார்த்து ஏறலாம் என்று ஒரு டாக்டர் சொல்லக்கூடும். நினைவு தப்புகிறவர் ஏறவே கூடாது. பள்ளி வேன் ஓட்டுநராக வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். வேனில் குழந்தைகளை ஏற்றிய உடனே வாசகர் கதையை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்காகப் பதறத் தொடங்கிவிடுவார்.

மாணவி ஏன் தவறுகிறாள்?

இங்கேதான் பெரும்பாலான பிரதிகள் சோம்பேறித்தனம் செய்கின்றன. ‘அவளுக்கு அந்தச் சொல் தெரியவில்லை’ என்று முடித்துவிடுவார்கள். தெரிந்த சொல்லில் தவறுவதுதான் கதை.

மருத்துவ மொழிபெயர்ப்பை ஆராய்ந்தவர்கள் உண்மையில் என்ன கண்டார்கள் என்று பார்த்தால் வழி கிடைக்கும். 2003-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், குழந்தைகள் மருத்துவத்தில் நடந்த 13 உரையாடல்களைப் பதிவுசெய்து எழுத்துக்கு எழுத்து அலசினார்கள். 396 பிழைகள் அகப்பட்டன. அதிகம் நடந்த பிழை தவறான சொல்லைப் போடுவது அல்ல, சொன்னதை விட்டுவிடுவது. நோயாளி நாலு வாக்கியம் பேசுவார், மொழிபெயர்ப்பவர் சாரத்தை மட்டும் ஒரு வரியில் கொடுப்பார்.

ஆகவே செல்வியும் (மாணவிக்கு இந்தப் பெயர் இருக்கட்டும்) விட்டுவிட வேண்டும். முத்தையா நீளமாகப் பேசுகிறார். அவர் சொன்னதில் விடை முழுசாக இருக்கிறது. அவள் அதை ஒரே சொல்லாகச் சுருக்குகிறாள். சுருக்கும்போது மயக்கத்தின் இரண்டு பொருளில் ஒன்று கழன்றுவிடுகிறது.

அப்படிச் சுருக்க அவளுக்குக் காரணம் வேண்டும். களைப்பு, வெளியே நீண்ட வரிசை, இவை பரவாயில்லை. இதைவிட நல்ல காரணம் ஒன்றைக் கதைக்குள்ளேயே தயாரிக்கலாம். முத்தையாவுக்கு முன்னால் இரண்டு பேர் வரட்டும். ஒரு பெண் ‘குனிஞ்சு நிமிந்தா மயக்கமா வருது’ என்கிறாள். ஒரு பாட்டி ‘வெயில்ல நின்னா மயக்கம்’ என்கிறார். இரண்டு முறையும் செல்வி தலைசுற்றல் என்று சொல்கிறாள், இரண்டு முறையும் அது சரி. மூன்றாவது முறை அவள் வாய் தானாகவே அந்தச் சொல்லை எடுக்கிறது. வாசகரின் காதும் அதற்குள் பழகிவிட்டிருக்கும். முன்னால் வந்த இருவருக்கும் மூன்று நான்கு வரிக்கு மேல் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு ஊர், மகன், வீட்டுக் கவலை என்று சேர்த்தால் முத்தையாவின் முறை வரும்போது வாசகர் களைத்திருப்பார்.

இரண்டு மொழியைத் தமிழிலேயே எழுதுவது

டாக்டர் பேசுவது ஆங்கிலம், ஆனால் கதை தமிழ். டாக்டரின் பேச்சை ஆங்கிலத்தில் போட்டுப் பக்கத்தில் பொருள் தருவது வாசகரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது போல. இன்னொரு வழி இருக்கிறது. முத்தையா பேச்சுத் தமிழில் பேசட்டும். டாக்டர் சொல்வதை மேற்கோள் குறியில்லாமல் எழுத்துத் தமிழில் எழுதுங்கள். செல்வி முத்தையாவிடம் பேசும்போது பேச்சு நடை, டாக்டரிடம் பேசும்போது எழுத்து நடை. ஒரு பக்கத்துக்குள் வாசகர் பழகிவிடுவார், ‘என்று ஆங்கிலத்தில் சொன்னாள்’ என்று திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்காது.

இந்த முறையில் நமக்குப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. ‘மயக்கம்’ என்று முத்தையா சொல்லி, ‘தலைசுற்றல்’ என்று செல்வி டாக்டரிடம் சொன்னால், தமிழ் வாசகருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் படும். வாசகரும் அவளோடு சேர்ந்து தவறுகிறார்.

தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்கள் நோயாளியின் பேச்சைத் தன்மையிலேயே சொல்வார்கள். ‘அவருக்கு வலிக்கிறதாம்’ என்பதில்லை, ‘எனக்கு வலிக்கிறது’. செல்விக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை, அதனால் ‘என்கிறார்’, ‘சொல்கிறார்’ என்றுதான் பேசுவாள். அந்த ‘என்கிறார்’ சுருக்கத்துக்கு நன்றாக உதவும். தன்மையில் பேசினால் முழுசாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும்.

காட்சியை எழுதிப் பார்ப்போம்.

> முத்தையா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். இடது கன்னத்தில் தோல் உரிந்து காய்ந்திருந்தது. இரண்டு உள்ளங்கையையும் முழங்கால் மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டார், நகக்கண்ணில் நீலப் பெயிண்ட்.
>
> என்ன செய்கிறது என்று கேள்.
>
> “என்ன பண்ணுதுங்கய்யா?”
>
> “நேத்து சாயங்காலம் பாப்பா, டப்பாவக் கழுவிட்டு நடந்து வந்துகிட்டே இருக்கேன், மயக்கம் வந்துருச்சு. பக்கத்துல பையன் இருந்தான், அவன்தான் தண்ணி தெளிச்சானாம். பொறவு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். வீட்டுலதான் போ போன்னு அனுப்பிட்டா.”
>
> “நேற்று மாலை தலைசுற்றல் வந்ததாம். இப்போது சரியாகிவிட்டது என்கிறார்.”

‘தெளிச்சானாம்’ என்ற சொல்லின் முடிவைக் கவனியுங்கள். தன் முகத்தில் தண்ணீர் தெளித்ததை அவர் ‘ஆம்’ போட்டுச் சொல்கிறார். அது அவருக்கே தெரியாது, பையன் சொல்லித்தான் தெரியும். நினைவு தப்பியதற்கான சான்று அந்த ஒரு விகுதியில் இருக்கிறது. செல்வி பையனையும் தண்ணீரையும் விட்டுவிட்டாள். பெரும்பாலான வாசகர்களும் தாண்டிப் போவார்கள், திரும்பி வந்து பார்த்தால் அங்கேயே இருக்கும். இப்படி ஒரு வரியைப் பிடிக்க எனக்கு ஒரு கதைக்கு ஒரு வாரம் ஆனாலும் சம்மதம். வர்ணனைக்கு அவ்வளவு நேரம் தர மாட்டேன்.

டாக்டரை நியாயமாக நடத்துங்கள்

தலைசுற்றல் என்று கேட்ட டாக்டர் சரியானதையே செய்ய வேண்டும். படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்கிறார். எழுந்தால் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க அதுதான் வழி. பெரிய வித்தியாசம் இல்லை. நாடி சீராக இருக்கிறது. சர்க்கரையும் சரி. காதுப் பிரச்சினையாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதுகிறார், ஒரு வாரம் கழித்து வரச் சொல்கிறார். அவருக்குக் கிடைத்த தகவலை வைத்துப் பார்த்தால் இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. இந்த இடத்தில் அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கொட்டாவி விட்டார் என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதினால் பழி அவர் மேல் போய்விடும், சொல்லின் கதை டாக்டரின் கதையாகிவிடும்.

மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு முத்தையா எழுந்திருக்கும்போது கேட்கிறார்: “நாளைக்குச் சாரம் ஏறலாமான்னு கேளு பாப்பா.” செல்வி கேட்கிறாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மெல்ல ஏறி இறங்கச் சொல்லு என்கிறார் டாக்டர். அவள் அதையும் சொல்லிவிடுகிறாள். பிழை இவ்வளவு தூரம் போக வேண்டும். சீட்டு எழுதுவதற்கு முன்பே பிடிபட்டுவிட்டால் ‘கிட்டத்தட்ட’ என்பதற்குப் பொருளில்லை.

எப்படிப் பிடிபடுகிறது?

தற்செயலைக் கொண்டுவராதீர்கள். தண்ணீர் தெளித்த பையன் ஓடிவந்து உண்மையைச் சொல்வதும், தமிழ் தெரிந்த நர்ஸ் திடீரென்று உள்ளே நுழைவதும் கதையை ஆசிரியரே கைகொடுத்துத் தூக்குவது. முதல் வரியிலேயே நாம் வைத்த கன்னமும் உள்ளங்கையும் எதற்கு இருக்கின்றன?

தலை சுற்றுகிறவர் பொதுவாக எதையாவது பிடிப்பார், விழுந்தாலும் கையை ஊன்றுவார். சிராய்ப்பு உள்ளங்கையில் இருக்கும். நினைவு தப்பியவர் கை ஊன்றுவதில்லை, முகம் நேராகத் தரையில் மோதலாம். இது தீர்ப்பு அல்ல. கை ஊன்ற முடியாமல் முகம் பட விழும் வயதானவர்களும் உண்டு. ஆனால் அனுபவமுள்ள டாக்டரை இன்னொரு கேள்வி கேட்கவைக்க இது போதும், கதைக்கும் அந்தக் கேள்விதான் தேவை.

> கன்னத்துக்கு மருந்து போடலாம் என்று டாக்டர் அவர் முகத்தைத் திருப்பினார். பிறகு கைகளைப் பார்த்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.
>
> விழும்போது கையை ஊன்றினாரா?
>
> “விழுந்தப்போ கைய ஊனுனீங்களா?”
>
> “அது எங்க தெரியுது? நடந்தது தெரியும், கண்ணு முழிச்சா மண்ணுல கெடக்கேன். நடுவுல ஒண்ணுமே இல்ல.”
>
> செல்வி வாயைத் திறந்தாள். டாக்டர் காத்திருந்தார்.
>
> “நான் முன்னால் சொன்னது தவறு. அவர் தலைசுற்றல் என்று சொல்லவில்லை. அவருக்கு நினைவே போயிருக்கிறது. முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியிருக்கிறார்கள். அதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.”
>
> “என்ன பாப்பா, என்ன சொல்ற?” என்றார் முத்தையா.

அந்தக் கடைசி வரியைத் தவிர்க்காதீர்கள். அறையில் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்கு இப்போது என்ன பேசினார்கள் என்றே தெரியாது. மொழிபெயர்ப்பாளர் தன் பிழையைத் திருத்தும்போது இரண்டு பக்கத்துக்கும் சொல்ல வேண்டும். செல்வி இப்போது அதையே தமிழில் முத்தையாவிடமும் சொல்லியாக வேண்டும். டாக்டரிடம் ஒப்புக்கொள்வதைவிட இது கடினம், ஏனென்றால் சாரம் ஏறலாம் என்று அவருக்குச் சொன்ன வாய் அவளுடையது. கதையின் உச்சம் எனக்கு இங்கேதான் இருக்கிறது.

அழுகை வேண்டாம். மேலே இருப்பதுபோல மொட்டையான வாக்கியங்கள் போதும்.

அதற்கப்புறம்

இ.சி.ஜி. எடுக்கிறார்கள். அதில் என்ன வந்தது என்று நீட்ட வேண்டாம். துடிப்பு நின்று நின்று வரும் கோளாறுகள் ஓர் இ.சி.ஜி.யில் அகப்படாமலும் போகலாம், அதற்காகத்தான் ஒரு நாளோ அதற்கு மேலோ இதயத்தைத் தொடர்ந்து பதிவுசெய்யும் கருவி இருக்கிறது. அது கிராமத்தில் இருக்காது. பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு, இன்றைக்கே போக வேண்டும், அதுவரை உயரத்தில் ஏறக் கூடாது. இவ்வளவு தெரிந்தால் போதும். நோயின் பெயரைச் சொல்லி முடித்தால் கதை மருத்துவப் பக்கக் கேள்வி பதிலாகிவிடும்.

இதைவிட முக்கியம், முத்தையா ஒத்துக்கொள்ளக் கூடாது. அஞ்சு நிமிஷத்துக்கு முன் ஏறலாம் என்றார்கள், இப்போது ஏறாதே என்கிறார்கள், அவர் கூலி போகிறது. அவர் வாதாடட்டும். செல்வி இந்த முறை ஒரு வார்த்தை விடாமல் கடத்த வேண்டியிருக்கிறது, டாக்டரைத் திட்டுவது உட்பட. கதையை அந்த வாதத்துக்கு நடுவிலேயே நிறுத்தலாம். அன்றிலிருந்து செல்வி கவனமாகப் பேசினாள் என்று ஒரு பத்தி எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும் சோதிப்பது

இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் கதை வாசிக்கிறவர், இன்னொருவர் நர்ஸ் அல்லது டாக்டர்.

முதலாமவரிடம் ஒரே கேள்வி: பிழை எந்த வரியில் உங்களுக்குத் தெரிந்தது? மயக்கம் என்ற இடத்திலேயே என்றால் முன்னால் வந்த இரண்டு நோயாளிகளும் தங்கள் வேலையைச் செய்யவில்லை, அல்லது நீங்கள் அந்தச் சொல்லை ஒரு தனி வரியில் நிறுத்திக் கைகாட்டியிருக்கிறீர்கள். செல்வி ஒப்புக்கொண்ட பிறகும் ‘எனக்கு எப்படித் தெரியும்?’ என்று அவர் எரிச்சல்பட்டால், தண்ணீர் தெளித்த வரியை வெட்டிவிட்டீர்களா என்று பாருங்கள். டாக்டர் கையை வெளிச்சத்தில் பிடிக்கும்போது தெரிந்தது என்றால் சரியான இடம்.

மருத்துவம் தெரிந்தவரிடம் கதை எப்படியிருக்கிறது என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார். இந்த டாக்டர் கேட்காமல் விட்ட கேள்வி எது என்று கேளுங்கள். விழுவதற்கு முன் படபடப்பு இருந்ததா, கை கால் வெட்டியதா, எழுந்த பிறகு குழப்பமாக இருந்தாரா, வழக்கமாக என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று வரிசையாகச் சொல்வார். எல்லாவற்றையும் கதைக்குள் திணிக்க வேண்டாம். ஆனால் கடைசிக் கேள்வியை மட்டும் முன்பே டாக்டர் வாயில் வைத்துவிடுங்கள். அதை அவர் கேட்காமல் மருந்து எழுதினால், கிளினிக்கில் வேலை பார்த்த எந்த வாசகரும் அதோடு கதையை நம்ப மாட்டார்.